நடை தளர்ந்தவருக்குச் சீர்

பக்கவாதம் வந்தவர், போலியோவில் கால் மெலிந்தவர், முழங்கால் தேய்ந்தவர், மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவர் என்று நடமாட்டம் குறைந்தவர்களுக்கு உறவினர் ஆசையோடு வாங்கித் தரும் பொருள்களில் பல சில வாரங்களிலேயே பரணுக்குப் போய்விடுகின்றன. காரணம் பெரும்பாலும் பொருளின் தரத்தில் இருப்பதில்லை. உடம்புக்கு அளவு பொருந்தியிருக்காது, வீட்டு வாசலுக்குள் நுழையாது, அல்லது நாலு பேர் முன்னால் அதை எடுத்துப் பயன்படுத்த அவருக்கே கூச்சமாக இருக்கும்.

தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் இந்தப் பொருத்தமின்மை சீக்கிரமே தெரிந்துவிடும். ஆற்றுப் பாசனப் பூமியில் வெள்ளத்துக்குப் பயந்து வீட்டை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று நான்கு படி. அதைத் தாண்டினால் ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று ஒவ்வொரு நிலையிலும் காலைத் தூக்கி வைக்க வேண்டிய நிலைப்படி. கழிப்பறை பெரும்பாலும் கொல்லைக் கடைசியில். ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே போகிற வழி களிமண்ணும் பாசியுமாகக் கிடக்கும். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்துத் தயாரித்த பொருள் இங்கே வந்து இறங்கினால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்த்தால் விஷயம் தெளிவாகும். பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயிக்கு அறுபது வயது நிறைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு முன்பு பக்கவாதம் வந்ததில் வலக்கையும் வலக்காலும் தளர்ந்துவிட்டன. இடக்கையில் தடி ஊன்றி வீட்டுக்குள் தானே நடக்கிறார். மணிவிழா திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் நடக்க இருக்கிறது. சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சேர்ந்து ஒரு சக்கர நாற்காலி வாங்கி விழாவில் கொடுக்க நினைக்கிறார்கள்.

வாசலை அளப்பது

வழக்கமாகக் கடையில் கிடைக்கும் மடக்குச் சக்கர நாற்காலியின் இருக்கை அகலம் 18 அங்குலம். இரண்டு பக்கச் சக்கரங்களையும் தள்ளுவளையத்தையும் சேர்த்தால் மொத்த அகலம் ஏறக்குறைய 26 அங்குலம் வரும். உட்கார்ந்திருப்பவரின் விரல்களுக்கும் முழங்கைக்கும் இடம் விட்டால் கதவு திறந்த நிலையில் 32 அங்குலமாவது வேண்டும். பழைய இரட்டைக் கதவு வாசலில் ஒரு கதவை மட்டும் திறக்கும் பழக்கம் இருந்தால் அந்த இடைவெளி இருக்காது. கொல்லைக் கதவு இன்னும் குறுகல்.

சாய்தளம் கட்டிவிடலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்குப் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. இந்த வீட்டில் தெருவிலிருந்து திண்ணை இரண்டு அடி உயரம். அப்படியானால் 24 அடி நீளச் சாய்தளம் வேண்டும். அது எதிர்வீட்டுத் திண்ணை வரை போய்விடும். இடமில்லை என்று ஆறு அடியில் செங்குத்தாகக் கட்டினால் பின்னால் ஆள் பிடிக்காமல் ஏறவே முடியாது, இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழும். பல அலுவலக வாசல்களிலும் இப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து வீட்டில் செய்யக் கூடாது.

இதைவிட முக்கியமாக, இந்த மனிதர் நடக்கிறார். நடப்பவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளினால் இருக்கிற கால்பலமும் குறையும். கோயில் பிராகாரம், ரயில் நிலையம், மருத்துவமனை போன்ற நீண்ட தூரத்துக்கு மட்டும் நாற்காலி தேவைப்படலாம். அங்கே பல இடங்களில் அதுவே கிடைக்கும், இல்லாவிட்டால் வாடகைக்கும் எடுக்கலாம். பிள்ளைகளின் பணத்துக்கு இந்த வீட்டில் வேறு வேலை இருக்கிறது.

முதல் வேலை வாசற்படிக்குக் கைப்பிடி. இடக்கைதான் பிடிக்கும் கை. படி ஏறும்போது அது ஒரு பக்கம் வரும், இறங்கும்போது அதே கை எதிர்ப்பக்கம் வந்துவிடும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கம்பி போட்டால் பாதி வேலைதான் முடியும். இரண்டு பக்கமும் வேண்டும். உள்ளங்கையில் முழுதாக அடங்கும்படி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் குழாய், படி விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்று அடி உயரம், கடைசிப் படி முடிந்த பிறகும் ஓர் அடி நீண்டு தரைக்கு இணையாக நிற்கும் முனை. இந்த நீட்டிப்பு இல்லாத கம்பியில், கடைசிப் படியில் கால் வைக்கும் நேரத்தில் கைக்குப் பிடி இருக்காது. விழுவது பெரும்பாலும் அங்கேதான். ஊர் வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துவிடலாம். மேற்குப் பார்த்த வாசலானால் எவர்சில்வர் குழாய் சித்திரை வெயிலில் கையைச் சுடும். அதன்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டலாம், அல்லது கயிறு சுற்றலாம்.

கொல்லைக்கு

கழிப்பறைக்குப் போகிற வழியும் கழிப்பறையும் பரிசாக யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் இந்த மனிதர் மனைவியையோ மகனையோ கூப்பிடாமல் தனியாகப் போய்வர முடிந்தால் அவருக்கு ஒரு நாளைக்குப் பல தடவை அது உதவும். கொல்லை வாசலிலிருந்து மூன்று அடி அகலத்தில் சிமென்ட் பாதை போட வேண்டும். மேல்பூச்சை வழவழப்பாகத் தேய்க்காமல் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிடச் சொல்ல வேண்டும். கொத்தனார் அழகுக்காக மெழுகிவிடுவார், முதல் மழையிலேயே பாசி பிடித்துவிடும். வழியில் ஒரு விளக்கு, அதன் சுவிட்ச் படுக்கையிலிருந்து எட்டும் தூரத்தில்.

குந்தி உட்காரும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் கமோடு நாற்காலி மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. இடித்துக் கட்ட வசதியில்லாத இடத்தில் அது போதும். வாங்கும்போது பார்க்க வேண்டியது கால் முனைகளின் ரப்பரும் கைப்பிடியின் உறுதியும். எழும்போது அவர் முழு எடையையும் ஒரே கைப்பிடியில் போடுவார். அந்த நேரம் எதிர்ப்பக்கக் கால்கள் தூக்கிக்கொள்கின்றனவா என்பதைக் கடையிலேயே ஒருவர் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் அழுத்தி எழுந்து பார்த்தால் தெரியும்.

சுவரில் பிடிமானக் கம்பி பொருத்துவதில்தான் பழைய வீடுகளில் அதிகம் தவறுகிறது. இணையக் கடைகளில் உறிஞ்சுகுமிழ் வைத்து ஒட்டும் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. வழவழப்பான பெரிய டைல்ஸில்கூட அது சில நாளில் காற்று வாங்கிக் கழன்றுவிடும், சுண்ணாம்புச் சுவரில் ஒட்டவே ஒட்டாது. திருகாணி போட்டுப் பொருத்தினாலும் பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவரில் சாதாரண பிளாஸ்டிக் செருகு பிடிக்காது, காரை பொலபொலவென்று உதிரும். அப்படிப்பட்ட சுவரில் தரையிலிருந்தே எழும் குழாயைக் கான்கிரீட்டில் ஊன்றி மேலே மட்டும் சுவரோடு சேர்ப்பது நல்லது. வேலை முடிந்ததும் பொருத்தியவரையே இரண்டு கையாலும் தொங்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அவர் தயங்கினால் அந்தக் கம்பியை நம்பக் கூடாது.

இந்த வேலைகள் எல்லாம் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே, சத்தமில்லாமல் முடிந்துவிட வேண்டும். இவற்றைப் பந்தலில் அறிவிப்பது எந்த வகையிலும் சரியில்லை.

சபையில் கொடுப்பது

டெல்டாவில் சீர் என்பது தட்டில் அடுக்கி, ஊர் பார்க்க எடுத்துக்கொண்டு வருவது. கமோடு நாற்காலியும் படுக்கை விரிப்பும் அந்த வரிசையில் வந்தால் விழா நாயகர் அன்று நோயாளியாகத்தான் உட்கார்ந்திருப்பார். ஒளிப்பதிவிலும் அதுதான் நிற்கும். உதவிப் பொருளை வீட்டில் முன்பே கொடுத்துவிட்டு, தட்டில் அறுபது வயதுக் குடும்பத் தலைவருக்கு உரியதை வைப்பதே முறை. இரண்டும் ஒன்றாக அமையும் பொருளும் உண்டு.

கைத்தடி அப்படிப்பட்டது. அந்தக் காலத்து மிராசுதார்கள் வெள்ளிப் பூண் போட்ட தடியைக் கௌரவத்துக்காகவே வைத்திருந்தார்கள், கால் நன்றாக இருந்தவர்கள்கூட. தேக்கிலோ பிரம்பிலோ அவர் அளவுக்கே கடைந்து, பூண் போட்ட தடியைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். ஆனால் அளவு தவறக் கூடாது. வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டின் மடிப்புக் கோட்டிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். தடியின் பிடி அந்தக் கோட்டில் வந்தால் ஊன்றும்போது முழங்கை சற்றே மடங்கும், அதுதான் சரி. உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு கூனும். பூண் நடுத்தண்டில் இருக்கட்டும். பிடி மட்டும் உள்ளங்கை படிந்து அழுத்தும்படி குறுக்காக இருக்க வேண்டும். வெள்ளிக் குமிழ் வைத்த தடி பார்க்க அழகு, அதன்மேல் எடையைப் போட்டால் கை வழுக்கும். அடியில் ரப்பர் முனை கட்டாயம், கூடவே இரண்டு மாற்று முனைகளும். நாலு கால் தடி இன்னும் உறுதியானது என்று கடைக்காரர் சொல்வது சமதளத்தில் உண்மை. செங்கல் பாவிய முற்றத்தில் அதன் நாலு காலும் ஒரே நேரத்தில் படியாது, குறுகலான படியில் இடமும் போதாது.

வேட்டி அடுத்தது. ஒரு கையால் வேட்டி கட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஒவ்வொரு நாளும் மனைவியோ மகனோ இடுப்பில் கட்டிவிட வேண்டியிருப்பது பல ஆண்களுக்கு நோயைவிடப் பெரிய வருத்தம். இடுப்பில் ஒட்டுப்பட்டை வைத்த வேட்டி இப்போது கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது, இளைஞர்களே அதை அதிகம் வாங்குகிறார்கள். அதனால் அது நோயாளித் துணி என்று யாருக்கும் தோன்றாது. பட்டு வேட்டி வேண்டுமென்றால் திருபுவனத்தில் வாங்கி, தையற்காரரிடம் கொடுத்து இடுப்பில் இரண்டு அங்குல அகல ஒட்டுப்பட்டையும் உள்பக்கம் பருத்திப் பட்டியும் வைத்துத் தைக்கலாம். பருத்திப் பட்டி இல்லாவிட்டால் பட்டு வழுக்கி இறங்கும். பட்டையின் முரட்டுப் பகுதி உடம்பில் உரசாமல் வெளிப்பக்கம் பார்க்க இருக்க வேண்டும். சட்டையில் பொத்தான்களை மேலே அலங்காரமாக வைத்துத் தைத்துவிட்டு உள்ளே அழுத்துப் பொத்தான் வைக்கலாம். கைத்துளை கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் தளர்ந்த கையை முதலில் நுழைத்து மாட்ட முடியும். பெண்களுக்கும் இதே கணக்குதான்: முன்பக்கக் கொக்கி வைத்த ரவிக்கை, மடிப்பு எடுத்துத் தைத்த சேலை. காலில் இரும்புத் தாங்கி அணிபவருக்கு மெல்லிய பட்டு கிழிந்துபோகும். உள்பாவாடையைக் கனமான துணியில் தைத்துத் தந்தால் அவர் விரும்பிய சேலையையே கட்டலாம்.

செருப்பை மறந்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த காலின் முன்பாதம் தொங்கும், நிலைப்படியில் தட்டும், ரப்பர் செருப்பு கழன்று பின்தங்கிவிடும். குதிகாலைச் சுற்றிப் பின்வார் உள்ள, ஒட்டுப்பட்டையால் ஒரே கையில் மூடும் செருப்பு வேண்டும். நீரிழிவாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எம்சிஆர் என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்துத் தைக்கும் செருப்பே சரி. அதை மருத்துவமனையில் பாதம் காட்டி, அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும்.

இலையும் டம்ளரும்

சாப்பாட்டு விஷயத்தில் நம் பழக்கத்தால் வரும் சிக்கல் இரண்டு உண்டு. வலக்கை போனவர் இடக்கையால் சாப்பிட வேண்டும். பந்தியில் அது அவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பலர் அதற்காகவே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள். கரண்டி பிடித்தால் எந்தக் கை என்பது யார் கண்ணிலும் உறுத்தாது. தடித்த பிடி வைத்த எவர்சில்வர் கரண்டி ஒன்றும், ஓரம் நேராக ஓர் அங்குலம் எழுந்து நிற்கும் தட்டு ஒன்றும் கொடுத்தால் ஒரு கையாலேயே சாதத்தை ஓரத்தில் தள்ளி அள்ளலாம். தட்டுக்கு அடியில் ஈரத்துணி மடித்து வைத்தால் நகராது. பந்தியில் அவருக்கு மட்டும் மேசை போட்டு ஓரத்தில் உட்கார வைப்பதைவிட அவர் வரிசை முழுவதையும் மேசைப் பந்தியாக்கிவிடலாம். இப்போது பெரும்பாலான மண்டபங்களில் மேசைகள் இருக்கின்றன.

இரண்டாவது, அண்ணாந்து குடிப்பது. டம்ளரில் வாய் படாமல் தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றிக்கொள்ளும் பழக்கம், விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு ஆபத்து. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும், நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சலும் வரும். சாப்பிடும்போதோ குடிக்கும்போதோ இருமல் வருகிறதா, குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று பார்த்தால் அவருக்கு இந்தச் சிக்கல் உண்டா என்பது தெரியும். தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பரிசு என்ற அளவில், இரண்டு பக்கமும் சூடு ஏறாத காது வைத்த, அவருக்கே சொந்தமான ஒரு குவளை போதும். தன் குவளையில் வாய் வைத்துக் குடிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. கும்பகோணம் டவரா டம்ளர் செட் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேண்டாம். விளிம்பைப் பிடித்துத் தூக்கி ஆற்ற இரண்டு நல்ல விரல்களாவது ஒவ்வொரு கையிலும் வேண்டும், உணர்ச்சி இல்லாத விரலுக்குச் சூடும் தெரியாது.

வேண்டாதவை

உணர்ச்சி குறைந்த உடம்புக்கு வெந்நீர்ப் பை, சூடு தரும் மெத்தை, கால் பிடித்துவிடும் இயந்திரம் ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும், நீரிழிவு இருந்தால் அந்தப் புண் ஆறுவதற்கு மாதக்கணக்காகும்.

திண்ணையில் போடும் சாய்வு நாற்காலியை அறுபது வயதுக்காரருக்கு ஆசையோடு வாங்கித் தருகிறார்கள். பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் ஒரு கையும் ஒரு காலும் உள்ளவர் தானாக எழவே முடியாது. தாழ்வான மெத்தை சோபாவும் அப்படியே. கூடத்து ஊஞ்சல் எழும்போது பின்னால் நழுவும். வேண்டியது நேரான கைப்பிடி வைத்த மர நாற்காலி. அதன் இருக்கை அவர் முழங்கால் மடிப்பின் உயரத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 18 முதல் 20 அங்குலத்தில் இருக்க வேண்டும். கைப்பிடிகள் இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருந்தால் ஊன்றி எழ வசதி. பிளாஸ்டிக் நாற்காலியை ஈரத்தரையில் குளிக்கப் போடுவதும் தவறு. ஒரு பக்கம் எடை போட்டால் அதன் கால்கள் விரியும்.

சக்கர நாற்காலியே தேவைப்படுபவர்

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை ஏறி விழுந்து இடுப்புக்குக் கீழே செயல் இழந்த இளைஞர்கள் உண்டு. முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு வாங்குவதாக இருந்தால் மேலே சொன்ன கணக்கு தலைகீழ். அவருக்கு நாற்காலிதான் கால், ஆகவே அதைச் செருப்பு வாங்குவது போல அளந்துதான் வாங்க வேண்டும்.

மருத்துவமனையில் பார்க்கும் 18 அங்குல நாற்காலி ஆளைத் தள்ளிக்கொண்டு போவதற்காகச் செய்தது. ஒல்லியான இளைஞர் அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார், சாய்ந்த பக்கத்து இடுப்பெலும்பில் அழுத்தப்புண் வரும், சக்கரமும் கைக்கு எட்டாது. உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலத்தை அளந்து அதைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கை இருக்க வேண்டும். ஆழம், பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள நீளத்தைவிட இரண்டு அங்குலம் குறைவு. சென்னை ஐஐடியில் உருவான நியோஃபிளை நாற்காலி இப்படி ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்யப்படுவது. அதன் முன்னால் மாட்டும் நியோபோல்ட் என்ற மோட்டார் வண்டியைச் சேர்த்தால் சாலையிலும் போகலாம். முன் சக்கரம் பெரிதாக இருப்பது கிராமத்துக்கு முக்கியம். சாதாரண நாற்காலியின் சின்ன முன்சக்கரங்கள் வரப்போரச் சேற்றில் புதைந்து ஆளை முன்னால் தள்ளிவிடும்.

அவ்வளவு செலவுக்கு வசதி இல்லாத குடும்பம் முதலில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்று பெற்றவர்களுக்குச் சக்கர நாற்காலி, மூன்று சக்கர வண்டி, தகுதிக்கு ஏற்ப இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவை அரசுத் திட்டங்களில் கிடைக்கின்றன. அங்கே கிடைப்பதையே உறவினரும் வாங்கித் தருவது வீண். அங்கே கிடைக்காததை வாங்கலாம். எல்லாவற்றிலும் முக்கியம் இருக்கை மெத்தை. உணர்ச்சியில்லாத உடம்புக்குச் சாதாரணப் பஞ்சு போதாது, நடுவில் ஓட்டை வைத்த வளைய மெத்தை இன்னும் மோசம், ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தை அடைத்துவிடும். காற்று அறைகள் கொண்ட மெத்தையை, அதற்கும் உட்கார்ந்தவர் உடம்புக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்து வாங்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் விரல் தடிமன் காற்று நின்றால் சரி, எலும்பு தட்டினால் காற்று குறைவு. நல்ல மெத்தை இருந்தாலும் அரை மணிக்கு ஒரு முறை கையூன்றி உடம்பைத் தூக்கி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். அதை நினைவூட்டும் ஒரு கைக்கடிகாரம் அவருக்குப் பிடித்த நிறத்தில், நல்ல பரிசு. கூடவே டியூப், பஞ்சர் ஒட்டும் பசை, காற்றடிக்கும் பம்பு. பின்சக்கரம் 24 அங்குலமாக இருந்தால் ஊர் சைக்கிள் கடையிலேயே பழுதுபார்த்துவிடுவார்கள்.

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. சக்கர நாற்காலியின் முதுகிலும் அதைச் செய்கிறார்கள். அதில் உட்காருபவர் ஒவ்வொரு நாளும் வேறொருவரின் தர்மத்தைத் தோளுக்குப் பின்னால் சுமந்துகொண்டு தெருவில் போக வேண்டியிருக்கிறது. நாற்காலியில் பெயர் எழுதுவதாக இருந்தால் அவர் பெயரைத்தான் எழுத வேண்டும்.

கேட்பதும் பணமும்

சொல்லாமல் கொடுத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் இந்த வகைப் பரிசுக்குப் பொருந்தாது. நம் சீர்வரிசையில் என்ன வேண்டும் என்று கேட்டு, பேசி முடித்துத்தான் வாங்குவது பழக்கம். ஆகவே கேட்பதில் குறை ஒன்றும் இல்லை. யாரிடம் கேட்பது என்பதில்தான் தவறு நடக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மனைவியிடம், “அண்ணனுக்கு என்ன வாங்கலாம் மதினி?” என்று கேட்பார்கள். கேட்க வேண்டியது, “அண்ணே, படியில ஏறும்போது எங்க பிடிக்கத் தோணுது?” என்று அவரிடமே. பேச்சு குழறினால் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும், வாக்கியத்தை முடித்துக்கொடுக்கக் கூடாது. பேச முடியாதவரானால் இரண்டு பொருள்களைக் காட்டி, வேண்டியதைத் தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

மொய்ப் பணமும் அவர் கையில், அல்லது அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போக வேண்டும். நடக்க முடியாதவரின் பணத்தை மகனிடம் கொடுப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பேரனுக்கு நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்கக் கூட அவர் பிறகு கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தையல் தொழில் செய்யும் பெண்ணானால் அவரால் மிதிபலகையை மிதிக்க முடியாத இயந்திரத்துக்கு மோட்டாரும் கையால் இயக்கும் சுவிட்சும் பொருத்திக் கொடுப்பது பணத்தைவிட மேல். அதற்கும் முதலில் அவர் உட்காரும் உயரத்தில் சுவிட்ச் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

உடல்நிலைக்குச் சம்பந்தமே இல்லாத பரிசும் வேண்டும். பாட்டில் ஆசை உள்ளவருக்குத் தை மாதத்து வாக்கில் நடக்கும் திருவையாறு ஆராதனைக்குப் போய்வர ஒரு நாள் ஏற்பாடு செய்யலாம்: ஏற இறங்க வசதியான, இருக்கை தாழ்வாக இல்லாத கார், பந்தலில் ஓரத்து நாற்காலி, அருகில் கழிப்பறை எங்கே என்பதை முந்தைய நாளே போய்ப் பார்த்து வைத்த ஒருவர். இந்த மூன்றாவது ஏற்பாடு இல்லாவிட்டால் அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வருவார்.

கொடுத்த பிறகு

பொருளோடு ரசீதையும் கொடுத்துவிட வேண்டும், அளவு சேராவிட்டால் அவரே மாற்றிக்கொள்ளட்டும். மாற்றினால் வருத்தப்படக் கூடாது. மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போகும்போது சில இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம். தடியின் ரப்பர் முனையில் வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகி இருந்தால் மாற்று முனையை அன்றே மாட்ட வேண்டும். ஒட்டுப்பட்டையில் நூலும் முடியும் சிக்கிப் பிடிப்பு குறைந்திருந்தால் பழைய பல்துலக்கியால் சுரண்டினால் சரியாகும். கம்பியின் அடியில் காரை விரிந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். வாங்கிக் கொடுத்த நாற்காலியில் துணி காயப்போட்டிருந்தால் அது அவருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். எங்கே உறுத்துகிறது என்று அவரிடம் கேட்டு, உயரமோ மெத்தையோ மாற்றித் தரலாம். அதுவும் சரிவராவிட்டால் அளவு பொருந்தும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட அவருக்கு உரிமை உண்டு.